பழுதுபார்ப்பதா, சிதைந்த காரை ஒப்படைப்பதா: ஒரு காப்புறுதிக் கணக்கு

சுங்கை சிப்புட் அருகே செம்பனைத் தோட்டச் சாலையில் மாட்டைத் தவிர்க்கப்போய், என் 2017-ஆம் ஆண்டு புரோட்டோன் சாகாவை அண்ணன் மகன் கல்வெர்ட்டில் மோதிவிட்டான். வேறு வாகனம் எதுவும் இல்லாததால் என் சொந்தக் காப்புறுதியில்தான் இழப்பீடு கோர வேண்டியிருந்தது. மதிப்பீட்டாளர் பார்த்த பிறகு காப்புறுதி நிறுவனம் இரண்டு வழிகளை முன்வைத்தது: காரைப் பழுதுபார்ப்பது, அல்லது முழு இழப்பாகக் கருதிப் பணமாகத் தீர்ப்பது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் முதலில் வந்த கணக்குத் தாளை அப்படியே நம்பியிருந்தால் வேறு முடிவுக்குத்தான் வந்திருப்பேன்.

பழுதுபார்க்கும் செலவு 15,000 வெள்ளி. அதில் பாகங்கள் 10,400, கூலியும் சாயமும் 4,600. ஐந்து வயதைக் கடந்த காரில் பழைய பாகத்தை எடுத்துவிட்டுப் புதிய அசல் பாகம் போட்டால், கூடும் மதிப்பில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க வேண்டும். இதைத்தான் பெட்டர்மென்ட் என்கிறார்கள். வழக்கமான அட்டவணைப்படி ஐந்து வயதுக்கு 15 விழுக்காடு, அதன்பின் ஆண்டுக்கு 5 விழுக்காடு கூடி, பத்து வயதில் 40 விழுக்காட்டோடு நின்றுவிடும். என் தாளில் 10,400-க்கு 30 விழுக்காடு, அதாவது 3,120 வெள்ளி, என் பங்காகப் போடப்பட்டிருந்தது.

இதில் இரண்டு பிழைகள் இருந்தன. கார் முதன்முதலில் பதிவானது 2017 நவம்பரில், விபத்து நடந்தது 2025 ஜூலையில். ஆண்டுகளை மட்டும் கழித்தால் எட்டு வரும். பதிவுத் தேதியிலிருந்து எண்ணினால் ஏழு ஆண்டுகள்தான் நிறைந்திருந்தன, ஆகவே விழுக்காடு 25. அடுத்து, ஒரு கதவும் முன்விளக்குகளும் என 2,000 வெள்ளிக்கான பாகங்கள் பழைய பாகங்களாகவே போடப்படவிருந்தன. புதிதாக எதுவும் வராத இடத்தில் பெட்டர்மென்ட்டும் இல்லை. ஆக, 8,400-க்கு 25 விழுக்காடு, 2,100 வெள்ளி. கூலியின் மீது இந்தக் கழிவு வரவே கூடாது. என் தாளில் அந்தப் பிழை இல்லை. அண்ணன் மகனின் பெயர் என் பாலிசியில் இல்லாததால், இழப்பீட்டில் உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாய எக்சஸ் 400 வெள்ளி. இது எந்த வழியிலும் தப்பாது. பழுதுபார்த்தால் என் கையிலிருந்து போவது 2,500 வெள்ளி என்று உறுதியாயிற்று.

முழு இழப்பின் கணக்குத்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. நான் எடுத்திருந்த காப்புறுதித் தொகை 19,000 வெள்ளி. என் பாலிசி சந்தை மதிப்பு வகையைச் சேர்ந்தது என்பதால், விபத்து நாளின் மதிப்பான 18,000-தான் அடிப்படை. அதில் முரணில்லை. ஆனால் தாளில் எக்சஸ் 400-ஐயும், சிதைந்த காரின் மதிப்பாக 6,000-ஐயும் கழித்து, 11,600 வெள்ளி என்று எழுதியிருந்தார்கள். சால்வேஜ் எனப்படும் அந்த 6,000, காரை நான் வைத்துக்கொண்டால் மட்டுமே கழிக்கப்பட வேண்டிய தொகை. காரை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டால் அதை விற்று 6,000-ஐப் பெறுபவர்கள் அவர்களே. காரும் அவர்களிடம், 6,000-மும் அவர்களிடம் என்றால் அது ஒரே பொருளுக்கு இருமுறை விலை வாங்குவதாகும். இதைக் கடிதமாக எழுதிக் கேட்டேன். காரை நான் வைத்துக்கொள்வதாக எண்ணிக் கணக்கிட்டதாகப் பதில் வந்தது. ஒப்படைப்பதாக எழுதிக் கொடுத்ததும் தொகை 17,600 ஆனது. முழு இழப்பில் பெட்டர்மென்ட்டுக்கு இடமில்லை என்பதையும் அப்போதே உறுதிப்படுத்திக்கொண்டேன், ஏனெனில் காரின் வயது சந்தை மதிப்பிலேயே கழிந்துவிடுகிறது.

இப்படித் திருத்திய பிறகுதான் இரண்டையும் அருகருகே வைக்க முடிந்தது. பழுதுபார்த்தால் 2,500 செலவழித்து, அடிபட்ட காரை வைத்திருப்பேன். நகரத்துப் பழைய கார் வியாபாரி ஒருவர் அப்படிப்பட்ட காருக்கு 14,000-க்கு மேல் தரமாட்டேன் என்றார். அது ஒருவர் சொன்ன விலை மட்டுமே, ஆனாலும் இடைவெளி பெரியது. ஒப்படைத்தால் 17,600 ரொக்கம். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் அது முதலில் வங்கிக்குப் போகும். எனக்குக் கடன் இல்லை. செலவு இதைவிடக் குறைவாக, 5,000 வெள்ளி அளவில் இருந்திருந்தால் பட்டறைக்கே அனுப்பியிருப்பேன். நோ கிளைம் தள்ளுபடி இரண்டு வழியிலும் போய்விடுவதால் அது ஒப்பீட்டில் சேராது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: 11,600-ஐ வாங்கிக்கொண்டு, சிதைந்த காரைப் பழைய பாகங்களால் சீராக்குவது. எங்கள் போமன் 9,000-க்குள் முடித்துத் தருவதாகச் சொன்னார். நான் அதைச் செய்து பார்த்ததில்லை. முழு இழப்பாகத் தீர்க்கப்பட்ட காருக்கு மறுபடி முழுக் காப்புறுதி எடுக்கும்போது நிறுவனங்கள் கேள்வி எழுப்பலாம் என்ற எண்ணமே என்னைத் தடுத்தது.

கிராண்டையும் சாவியையும் ஒப்படைத்து, 2019-ஆம் ஆண்டு சாகா ஒன்றை வாங்கினேன். அதுவும் ஐந்து வயதைக் கடந்தது என்பதால், பாலிசி எடுக்கும்போது பெட்டர்மென்ட் விலக்கைக் கூடுதலாகச் சேர்த்து, அண்ணன் மகனின் பெயரையும் எழுதச் சொன்னேன்.