ஒரே பிரௌசரில் மூன்று கணக்குகள்: நான்கு வருட அனுபவம்

கூகுளில் எனக்கு மூன்று மெயில் கணக்குகள்: சொந்தம், அலுவலகம், நண்பர்களோடு நடத்தும் சிறு குழுவுக்கு ஒன்று. மூன்றையும் ஒரே பிரௌசரில் திறந்து வைத்திருந்தேன். மெயில் பார்க்க இது சௌகரியம்தான். லிங்க்கைக் கிளிக் செய்யும்போதுதான் வம்பு.

உடன் வேலை பார்ப்பவர் ஒருநாள் ஒரு ஷீட்டின் லிங்க் அனுப்பினார். திறந்தால் "அனுமதி இல்லை". சரி, கேட்டுப் பார்ப்போம் என்று அங்கிருந்த பட்டனை அழுத்தினேன். உடனே போன் வந்தது. "நேற்றே கொடுத்துவிட்டேனே, இது யாருடைய மெயில்?" வலது மேல் மூலையில் இருந்த குட்டிப் படத்தை அப்போதுதான் கவனித்தேன். அது என் சொந்தக் கணக்கு. அனுமதி கேட்டுப் போனதும் அந்த முகவரியிலிருந்துதான்.

காரணம் எளிது. முதலில் லாகின் செய்த கணக்குக்கு 0, அடுத்ததற்கு 1 என்று பிரௌசருக்குள் ஒரு வரிசை இருக்கிறது. லிங்க்கில் எண் இல்லாவிட்டால் பெரும்பாலும் 0 கணக்கில்தான் திறக்கும். எந்தக் கணக்குக்கு அனுமதி இருக்கிறது என்று எப்போதும் தேடிப் பார்த்துத் திறப்பதில்லை. அதனால் முகவரியில் இந்த எண்ணை மட்டும் மாற்றினால் போதும்:

```
/spreadsheets/u/0/d/...
/spreadsheets/u/1/d/...
```

எண்ணே இல்லாத முகவரி என்றால் கடைசியில், `#` இருந்தால் அதற்கு முன், `?authuser=1` சேர்ப்பேன். ஏற்கெனவே கேள்விக்குறி இருந்தால் `&authuser=1`.

ஒன்றரை வருடம் இப்படியே ஓட்டினேன். அப்புறம் ஒருநாள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறி, வேறு வரிசையில் லாகின் செய்தேன். சேமித்து வைத்திருந்த புக்மார்க் எல்லாம் தப்பான கணக்கில் திறந்தன. அந்த எண் கணக்கின் அடையாளம் இல்லை, வரிசையில் அதன் இடம், அவ்வளவுதான். `u/1` உள்ள லிங்க்கை இன்னொருவருக்கு அனுப்பினாலும் இதே கதை: அது அவருடைய இரண்டாவது கணக்கைத் தேடும். இப்போது அனுப்புமுன் அந்தத் துண்டை நீக்கிவிடுகிறேன்.

கடைசியில் கைகொடுத்தது பிரௌசரில் கணக்குக்கு ஒன்றாகத் தனித்தனி ப்ரொஃபைல். ஒவ்வொன்றுக்கும் குக்கீ தனி என்பதால், அலுவலக ப்ரொஃபைலில் அலுவலகக் கணக்கு மட்டுமே இருக்கிறது. அங்கே 0 என்றால் அதுதான். அமைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இதை முதலிலேயே செய்யாமல் விட்டது என் சோம்பல்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. சாட் செயலியிலிருந்து கிளிக் செய்யும் லிங்க், கடைசியாக நான் பயன்படுத்திய ஜன்னலின் ப்ரொஃபைலில் போய்த் திறக்கிறது. அதற்காக அலுவலக ஜன்னலுக்கு அடர்பச்சை நிறம் வைத்திருக்கிறேன். "அனுமதி இல்லை" என்று வந்தால் முதலில் நிறத்தைப் பார்க்கிறேன், பச்சை இல்லையென்றால் லிங்க்கை நகலெடுத்துப் பச்சையில் ஒட்டுகிறேன். பச்சையிலும் அதே பதில் வந்தால்தான் அனுமதி கேட்கும் பட்டனைத் தொடுகிறேன்.