பார்லர் புக்கிங் ஆப்: ரீல் பார்த்து வருகிறார்கள், ரிமைண்டர் வந்ததும் குழம்புகிறார்கள்

புக்கிங் ஆப்பின் வருஷ சந்தாவைக் குறைத்துவிட்டார்களாம், இப்போது வாங்கலாமா என்று திருவொற்றியூரில் பார்லர் வைத்திருக்கும் தோழி கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஆப்பின் பெயர் வேண்டாம். நாள்காட்டி, அட்வான்ஸ் வாங்கும் வசதி, தானாகப் போகும் ரிமைண்டர் என்று மற்றதில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்கிறது.

என் கடை வியாசர்பாடி பக்கம். இரண்டு நாற்காலி, நானும் ஒரு பெண்ணும். த்ரெடிங்குக்கு யாரும் நேரம் கேட்டு வருவதில்லை, வரவும் வேண்டாம். ஸ்மூத்னிங், கலரிங், கல்யாண மேக்கப், இந்த மூன்றுக்குத்தான் அப்பாயின்ட்மென்ட் அவசியம். நீளமான முடிக்கு ஸ்மூத்னிங் என்றால் நாலைந்து மணி நேரம் ஒரு நாற்காலி போய்விடும். சனிக்கிழமை அப்படி ஒருவர் சொல்லாமல் வராமல் போனால் அன்றைய பாதி வருமானம் போச்சு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முன்-பின் ரீல் போட்டு ஆள் வரவைப்பது உண்மையிலேயே நடக்கிறது. ஆனால் பளபள என்று முடிந்த முடியை மட்டும் காட்டினால் 'சூப்பர் அக்கா' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எத்தனை மணி நேரம் ஆனது, இந்த நீளத்துக்கு எவ்வளவு, மூன்று நாள் கழித்து முதல் முறை அலசியபின் எப்படி இருக்கிறது, இந்த மூன்றும் ரீலில் இருந்தால்தான் புக் பண்ணுகிறார்கள். அலசியபின் எடுத்த அந்தக் கடைசித் துண்டுதான் ஆளைக் கொண்டுவருகிறது. கடையில் அயர்ன் பண்ணி முடித்ததும் எல்லார் முடியும் நேராகத்தான் இருக்கும் என்று பெண்களுக்குத் தெரியும்.

முன், பின் இரண்டும் ஒரே நாற்காலியில், ஒரே விளக்கில், ஒரே தூரத்தில் எடுக்க வேண்டும். கேமராவில் முடியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள், பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். 'முன்' படத்தை டியூப்லைட்டிலும் 'பின்' படத்தை ரிங் லைட்டிலும் எடுப்பது ஏமாற்று வேலை, பார்ப்பவர்களுக்கும் அது தெரிந்துவிடும். எங்கள் பக்கம் முகம் வேண்டாம் என்பவர்கள்தான் அதிகம். பின்பக்கம் மட்டும் எடுத்தாலும் முடிக்கு அது போதும். சம்மதத்தை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அந்த ரீலை நீக்கிவிடுங்கள் என்று கேட்டால் மறுபேச்சில்லாமல் நீக்கிவிடுங்கள்.

ரீலுக்குக் கீழே எழுதும் வரிகளில் லிங்க் போட்டால் தொட்டாலும் திறக்காது. பயோவிலோ ஸ்டோரியிலோ போட வேண்டும். ஒவ்வொரு ரீலுக்கும் லிங்க்கின் கடைசியில் வேறு வேறு சொல் வைத்துவிடுகிறேன்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Smooth-Curly
```

தொட்டால் அந்தச் சொல் தயாராக எழுதப்பட்டு என் வாட்ஸ்அப் திறக்கும், அவர்கள் அனுப்பினால் போதும். எந்த ரீலைப் பார்த்து வந்தார்கள் என்று கேட்கவே வேண்டியதில்லை. லைக் நிறைய வாங்கிய ஹேர்கலர் ரீலில் ஆளே வரவில்லை, யாரும் கவனிக்காத சுருட்டை முடி ரீலில் வாராவாரம் வருகிறார்கள் என்பதெல்லாம் இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அங்கிருந்து ஆப்பின் நாள்காட்டியில் நேரம் போட்டு 500 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிவிடுவேன். ஒரே நேரத்துக்கு இரண்டு பேரைப் போட அது விடாது. அந்த விஷயத்தில் குறையே சொல்ல முடியாது.

இனி ரிமைண்டர். இதை நினைத்தாலே எரிகிறது. அப்பாயின்ட்மென்டுக்குச் சரியாக 24 மணி நேரம் முன்னால் ஆப் தானாக அனுப்பும். வேண்டுமானால் 2 மணி நேரம் என்று மாற்றலாம், அவ்வளவுதான். பகலில் வரும் ஆளுக்கு இது பரவாயில்லை. கல்யாணப் பெண்ணுக்கு? ஞாயிற்றுக்கிழமை காலை 6 முதல் 7.30 முகூர்த்தம் என்றால் மேக்கப் 3.30க்குத் தொடங்கும். அதற்கு 24 மணி நேரம் முன்னால் என்றால் சனிக்கிழமை அதிகாலை 3.30க்குப் போன் சத்தம் போடும். தண்டையார்பேட்டை வீடு ஒன்றில் அந்தச் சத்தத்தில் பெண்ணின் அம்மா எழுந்து, 3.30 என்பதை மட்டும் படித்துவிட்டு, பெண்ணையும் எழுப்பி, எனக்குப் போன் போட்டு, "இன்னிக்கா நாளைக்கா, நீங்க கிளம்பிட்டீங்களா" என்று கேட்டார். கல்யாண வீட்டில் அந்த நேரத்தில் அப்படி ஒரு பதற்றத்தைக் கொடுத்ததற்கு எனக்கு மனசே ஆறவில்லை. ஆப்காரர்களிடம் சொன்னேன், குறித்துக்கொண்டோம் என்றார்கள். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

நேரத்தைவிடப் பெரிய கோளாறு, அதில் எழுதியிருப்பது. 'ஞாயிறு 3.30' என்று மொட்டையாகப் போட்டால் பாதிப் பேர் மதியம் என்று நினைக்கிறார்கள், இன்னும் சிலர் ஞாயிறு இரவு என்று நினைக்கிறார்கள். நான் கையால் அனுப்புவது இப்படி இருக்கும்: "சனிக்கிழமை இரவு, விடிந்தால் ஞாயிறு, அதிகாலை 3.30க்கு மேக்கப். 3 மணிக்குள் முகம் கழுவி, முன்பக்கம் திறக்கும் ஜாக்கெட்டோ நைட்டியோ போட்டு இருங்கள்." இதை முந்தின நாள் சாயங்காலம் 6 மணிக்கு அனுப்புவேன். இப்படி அனுப்பினால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை.

ஸ்மூத்னிங்குக்கு இன்னொரு சிக்கல். நான் பயன்படுத்தும் க்ரீமுக்கு மூன்று நாள் தலையில் தண்ணீர் படக்கூடாது. புதன், வியாழனுக்குப் புக் பண்ணுகிறவர்கள் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போகிற வீடாக இருப்பார்கள். முதல் நாள் ராத்திரிதான் அது ஞாபகம் வரும், வராமல் இருந்துவிடுவார்கள். மாதவிலக்குக் கணக்கும் அப்படித்தான், சொல்லக் கூச்சப்பட்டுப் போனையே எடுக்க மாட்டார்கள். அதனால் சொல்லாமல் வராதவர் எல்லாரும் பொறுப்பில்லாதவர் என்று நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இப்போது இரண்டு நாள் முன்னாலேயே இப்படி அனுப்புகிறேன்: "சனிக்கிழமை 10 மணிக்கு உங்கள் ஸ்மூத்னிங். நாலு மணி நேரம் ஆகும். எண்ணெய் வைக்காமல் வாருங்கள். செவ்வாய் வரை தலைக்குக் குளிக்கக்கூடாது. வருவதானால் 1, வேறு தேதி வேண்டுமானால் 2 அனுப்புங்கள், காரணம் சொல்ல வேண்டாம்." அந்தக் கடைசி மூன்று சொல்லுக்காகவே 2 அனுப்புகிறார்கள். நாற்காலி காலியாகப் போவது வியாழனே தெரிந்தால் காத்திருப்பில் உள்ள ஒருவரைக் கூப்பிட்டுவிடலாம். ஆப்பின் ரிமைண்டருக்குப் பதிலே அனுப்ப முடியாது என்பதுதான் என் தீராத ஆத்திரம்.

எல்லாருக்கும் சேர்த்து பிராட்காஸ்டில் போடலாமே என்று கேட்பீர்கள். உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ரீல் பார்த்துப் புதிதாக வருகிறவர் யாரும் சேமித்திருக்க மாட்டார். தனித்தனியாகத்தான் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸில் குயிக் ரிப்ளையாக வைத்துக்கொண்டால் நாள், நேரத்தை மட்டும் மாற்றினால் போதும், சாயங்காலம் டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும்.

ஆகவே தோழிக்கு நான் சொன்னது: நாள்காட்டி அருமை, இருந்தாலும் வாங்காதே. விலை பாதியானாலும் வாங்காதே. ஒரு கோடு போட்ட நோட்டும் குயிக் ரிப்ளையும் உனக்குப் போதும். கலரிங்குக்கு வருகிறவர்களுக்கு மட்டும் மூன்று நாள் முன்னாலேயே அனுப்பு. காதுக்குப் பின்னால் கலர் தடவிப் பார்த்து 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும், எரிச்சல் வந்தால் அந்த நேரத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க உனக்கு இன்னும் ஒரு நாள் கையில் இருக்கும்.