ஒற்றைக் கையால் திருப்பினாலும் ஸ்டீயரிங் திரும்புகிறதே!

என் மச்சான் வண்டி ஓட்டும்போது இடது கை கியரில் கிடக்கும், வலது கை மட்டும்தான் ஸ்டீயரிங்கில். பின் சீட்டில் அவர் மகன் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டு வந்தான்: "ஸ்டீயரிங் இரட்டையால் சுழல்கிறது." மச்சான் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து, "ஒரு கையிலதானே நான் திருப்புறேன், இதில் இரட்டை எங்கேடா இருக்கு?" என்றார். பையன் என்னைப் பார்த்தான். நியாயமான கேள்விதான். பாடத்தில் வரையறையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோமே தவிர, இந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை.

வரையறை எல்லோருக்கும் தெரியும். அளவில் சமமான, இணையான, எதிரெதிர்த் திசையில் செயல்படும் இரு விசைகள் ஒரே கோட்டில் அமையாவிட்டால் அது இரட்டை. ஒரு விசையின் அளவை இரண்டுக்கும் நடுவே உள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்கினால் அதன் திருப்புத்திறன் கிடைக்கும். 1803இல் வெளியிட்ட நிலையியல் நூலில் இப்படி ஒரு ஜோடியைத் தனிப் பொருளாகவே எடுத்துக் கையாண்டவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூயி புவான்சோ. தனிப் பொருளாக எடுக்க என்ன அவசியம்? அதற்குப் பதில் ஒரு அடிக்கோலில் இருக்கிறது.

பவுடர் தூவிய கேரம் பலகையில் 30 செ.மீ. அடிக்கோலை வையுங்கள். ஒரு முனையில், 0 குறியருகே, கோலுக்குச் செங்குத்தாக விரலால் தள்ளுங்கள். கோல் சுழலும், ஆனால் நடுப்புள்ளியைச் சுற்றி அல்ல. நடுவிலுள்ள 15 செ.மீ. குறியே நீங்கள் தள்ளிய பக்கம் நகர்ந்துபோகும். தள்ளத் தொடங்கும் கணத்தில் அசையாமல் நிற்பது 20 செ.மீ. குறிக்கு அருகே உள்ள ஒரு புள்ளிதான். அதாவது ஒற்றை விசை இரண்டு வேலைகளைச் சேர்த்தே செய்கிறது: பொருளைச் சுழற்றுகிறது, கூடவே இழுத்துக்கொண்டும் போகிறது.

இப்போது இரு முனைகளிலும் இரு விரல்களை வைத்து, ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாகச் சம விசையோடு தள்ளுங்கள். 15 செ.மீ. குறி இருந்த இடத்திலேயே நிற்க, அதைச் சுற்றிக் கோல் சுழலும். இரு விசைகளும் ஒன்றையொன்று கழித்துவிடுவதால் இழுத்துச் செல்ல எதுவும் மிச்சமில்லை, சுழற்சி மட்டும்தான் மிச்சம்.

விசித்திரம் இதற்கு மேல்தான். விரல்களை முனைகளில் வைக்காமல் 20, 30 குறிகளில் வைத்து எதிரெதிராகத் தள்ளினால்? இரண்டு விரலும் கோலின் ஒரே பாதியில் இருக்கின்றன. அப்போதும் கோல் 15ஐச் சுற்றித்தான் சுழலத் தொடங்கும். (விரல்களில் விசையைச் சமமாக வைத்திருப்பது சிரமம். நான்கைந்து முறை செய்தால் பிடிபடும்.) காரணம் சின்னக் கணக்கு. ஏதாவது ஒரு புள்ளியிலிருந்து முதல் விசை x தொலைவிலும் இரண்டாவது x + d தொலைவிலும் இருக்கட்டும். திருப்புத்திறன் F(x + d) − Fx = Fd. x காணாமல் போய்விட்டது! எந்தப் புள்ளியை வைத்துக் கணக்கிட்டாலும் இரட்டையின் திருப்புத்திறன் ஒன்றுதான். ஒற்றை விசைக்கு அப்படி இல்லை. எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் திருப்புத்திறன் மாறும், விசையின் கோட்டிலேயே உள்ள புள்ளிக்குச் சுழி ஆகிவிடும். ஆகவே இரட்டையை வேறொரு இரட்டைதான் சமன்செய்ய முடியும். ஒற்றை விசையை எங்கே, எந்தத் திசையில் கொடுத்தாலும் அது ஈடாகாது.

சரி, ஸ்டீயரிங்குக்கு வருவோம். விட்டம் 38 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம், கார்களுக்குப் பொருந்தும் அளவுதான். வலப்பக்கம் திருப்ப வேண்டும். கடிகார முகப்பில் 9, 3 இருக்கும் இடங்களில் கைகள். இடது கை 10 நியூட்டன் மேலே, வலது கை 10 நியூட்டன் கீழே. ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தாங்கிப் பிடிக்கும் விசைதான் அது. திருப்புத்திறன் 10 × 0.38 = 3.8 நியூட்டன் மீட்டர்.

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இரண்டு விதம். விட்டத்துக்குப் பதில் ஆரத்தைப் போட்டு 1.9 என்பார்கள். அல்லது இரண்டு விசை இருக்கிறதே என்று 2 × 10 × 0.38 என்று போட்டு 7.6 கொண்டுவருவார்கள். மையத்திலிருந்து ஒவ்வொரு கையையும் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டிப் பார்த்தால் குழப்பம் தீரும்: 10 × 0.19 + 10 × 0.19 = 3.8.

இனி மச்சானின் முறை. வலது கை மட்டும், 3 இருக்கும் இடத்தில், கீழ்நோக்கி. அதே 3.8 வேண்டுமென்றால் 0.19 மீட்டர் ஆரத்தில் 20 நியூட்டன் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஸ்டீயரிங் அதே அளவுதான் திரும்பும். அப்படியானால் கேரம் பலகையில் அடிக்கோல் நகர்ந்துபோனது போல ஸ்டீயரிங் ஏன் கீழே இறங்கி மடியில் விழவில்லை? அதன் தண்டைப் பேரிங் பிடித்துக்கொண்டிருக்கிறது. கை 20 நியூட்டன் கீழே தள்ளும்போது பேரிங் 20 நியூட்டன் மேலே தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவே 19 செ.மீ. இதுவும் சமமான, இணையான, எதிரெதிர் விசைகள்தானே? 20 × 0.19 = 3.8. மச்சான் தேடிய இரட்டை அங்கேதான் இருக்கிறது. ஒரு விசை அவர் கையில், மற்றது அவர் கண்ணுக்குத் தெரியாத பேரிங்கில்.

ஆகவே 'இரட்டையா, ஒற்றை விசையா' என்று ஸ்டீயரிங்கில் கேட்பது கொஞ்சம் பிழையான கேள்வி. இரண்டு முறையிலும் திருப்புவது இரட்டைதான். இரண்டாவது விசையை யார் தருகிறார் என்பதில்தான் வேறுபாடு. இரண்டு கையால் ஓட்டினால் நீங்களே தருகிறீர்கள், ஒரு கையால் ஓட்டினால் வண்டியிடம் கடன் வாங்குகிறீர்கள். பேரிங்கைக் கழற்றி எடுத்துவிட்டால் ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்ற மட்டும் செய்ய முடியாது, அது கையோடு வந்துவிடும்.

'இரட்டையால் பாதி உழைப்பில் திருப்பலாம்' என்று சிலர் எழுதுகிறார்கள். ஒவ்வொரு கைக்கும் பாதி என்பது சரி. ஆனால் இரண்டு கையையும் கூட்டினால் அதே 20 நியூட்டன்தான், செய்யும் வேலையும் அதே அளவுதான். இரண்டு கையில் மிச்சமாவது உங்கள் உழைப்பு அல்ல, பேரிங்கின் பாடு.

சரி, கைகளை 10, 2 இடங்களில் வைத்தால்? ஓட்டுநர் பயிற்சியில் பலரும் கற்றுக்கொண்ட பிடி அது. விளிம்பின் போக்கிலேயே ஒவ்வொரு கையும் 10 நியூட்டன் கொடுத்தால் மையத்தைச் சுற்றிய திருப்புத்திறன் அப்போதும் 3.8 தான். ஆனால் இரு விசைகளும் இப்போது இணையாக இல்லை. இடது கை மேலேயும் வலப்புறமும் தள்ளுகிறது, வலது கை கீழேயும் வலப்புறமும் தள்ளுகிறது. மேல், கீழ்ப் பகுதிகள் கழிந்துபோகும். வலப்புறப் பகுதிகள் ஆளுக்கு 5 நியூட்டனாகச் சேர்ந்து 10 ஆகும். அந்தப் பத்தைப் பேரிங் தாங்க வேண்டும். நான்கு பிடிகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால் இப்படி:

| பிடி | கைகளின் விசை | திருப்புத்திறன் | பேரிங் மேல் சுமை |
|---|---|---|---|
| 9–3, எதிரெதிராக | 10 + 10 | 3.8 | 0 |
| 10–2, விளிம்பின் போக்கில் | 10 + 10 | 3.8 | 10 |
| 3இல் ஒரே கை | 20 | 3.8 | 20 |
| 9–3, இரண்டும் மேல்நோக்கி | 10 + 10 | 0 | 20 |

விசைகள் நியூட்டனில், திருப்புத்திறன் நியூட்டன் மீட்டரில். ஸ்டீயரிங்கின் சொந்த எடையைச் சேர்க்கவில்லை. கடைசி வரிசையை மறந்துவிடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

கையில் கொடுத்த இரட்டை கீழே என்னவாகிறது என்பதையும் பார்த்துவிடலாம். தண்டின் வழியே 3.8 அப்படியே இறங்கி, அடியில் உள்ள சிறிய பற்சக்கரத்துக்குப் போகிறது. அதன் ஆரம் 8 மி.மீ. என்றால், பல் சட்டத்தை அது 475 நியூட்டனால் பக்கவாட்டில் தள்ளும். சட்டம் திருப்பித் தள்ளுவது ஒற்றை விசைதான். பற்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பேரிங் எதிர்த்திசையில் இன்னொரு 475 தருகிறது. இரண்டுக்கும் நடுவே 8 மி.மீ.: 475 × 0.008 = 3.8. மேலே அகலமான, மெல்லிய இரட்டை. கீழே அதைச் சமன்செய்யும் குறுகிய, வலுத்த இரட்டை. உராய்வில் கொஞ்சம் போகும், அதை விட்டுவிட்டேன்.

பவர் ஸ்டீயரிங் உள்ள காரில் 20 நியூட்டனெல்லாம் பேரிங்குக்குக் கொசுக்கடி. ஒற்றைக் கை ஓட்டுநர்களை இந்தக் கணக்கை வைத்துத் திட்ட முடியாது. பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டியை நின்ற இடத்திலேயே வளைக்கும்போதுதான் விசை பல மடங்காகி, வேறுபாடு உடம்பில் தெரியும். ஒரு கையால் கீழே இழுத்தால் உங்கள் உடம்பே அந்தப் பக்கம் சீட்டிலிருந்து எழும்பும். ஸ்டீயரிங்கைப் பேரிங் பிடித்திருப்பது போல உங்களைப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. இரண்டு கையால் என்றால் ஒன்று தள்ள, மற்றது இழுக்க, உடம்பு இடத்தைவிட்டு எழும்பாது.

இரட்டை உண்மையிலேயே வெல்லும் இடம் ஸ்டீயரிங்கைவிட வீல் நட்டுதான் என்பேன். 'எல்' வடிவ ஸ்பேனரை ஒரு பக்கம் மட்டும் மிதித்தால், அந்த விசை நட்டைத் திருப்புவதோடு ஸ்பேனரின் தலையைச் சாய்க்கவும் பார்க்கும். சாய்ந்து வழுக்கினால் நட்டின் முனை மழுங்கும், விரல் முட்டியும் பெயரும். எனக்கு இரண்டும் ஒரே இரவில் நடந்திருக்கிறது. கூட்டல் குறி வடிவ ஸ்பேனரில் ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்று கொடுத்தால் சாய்க்க மிச்ச விசை இல்லை, நட்டு திரும்ப மட்டுமே செய்யும்.

அப்புறம் அந்தக் கடைசி வரிசை. வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை 9–3இல் பிடித்து, இரண்டு கையையும் ஒரே திசையில் மேலே தூக்குங்கள், பிறகு கீழே அழுத்துங்கள். உயரத்தை மாற்றும் லீவர் இருந்தால் முதலில் அதைப் பூட்டிக்கொள்ளுங்கள். திருப்புத்திறன் சுழி என்பதால் சக்கரங்கள் அசையாது, விசை முழுவதும் பேரிங்குக்கே போகும். 'டக்' என்று ஒரு ஆட்டம் தெரிந்தால் மேல் பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது, அல்லது பிடிமானம் தளர்ந்திருக்கிறது. அதில் ஆட்டம் இல்லாமல், கைகளை எதிரெதிராகக் கொடுத்து லேசாகத் திருப்பும்போது மட்டும் சக்கரம் அசையத் தாமதமானால், தேய்மானம் கீழே, தண்டின் இணைப்பிலோ பல் சட்டத்திலோ இருக்கிறது. மச்சானின் வண்டியில் முதல் சோதனையிலேயே 'டக்' கேட்டது.