1905 மெகாஹெர்ட்ஸைக் காட்டி என் 23,500 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய கணினிப் பாகங்களை விற்கும் ஒரு இணையக் கடையில் போன வாரம் ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினேன். 23,500 ரூபாய், முழுப்பணமும் முன்கூட்டியே.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. வீடியோ காலில் ஓட்டிக் காட்டச் சொன்னேன். கடைத் தம்பி கார்டின் நிலையைக் காட்டும் GPU-Z மென்பொருளைத் திறந்து, அதிலேயே இருக்கும் ரெண்டர் சோதனையை ஓடவிட்டார். 1905 மெகாஹெர்ட்ஸ், 57 டிகிரி, வேகம் எதனால் அதற்கு மேல் ஏறவில்லை என்று சொல்லும் PerfCap Reason வரியில் VRel. "VRel-னா வோல்டேஜ் உச்சத்துக்குப் போயிடுச்சுண்ணே, அதுக்கு மேல ஏத்த இடமில்ல, நல்ல கார்டுன்னு அர்த்தம்" என்றார். அதில் பொய்யே இல்லை, வயிறு எரிவதே அதனால்தான். ஆனால் அந்தச் சோதனை கார்டுக்குக் கொசு உட்கார்ந்த மாதிரி. மின்சாரமே அதிகம் கேட்காத வேலையில் மின்வரம்பு எப்படித் தட்டும்? நான் எடுத்து வைத்த படத்தில் Board Power Draw வரி 84 W என்று காட்டிக்கொண்டிருக்கிறது. 220 வாட் கார்டு! அதைப் பார்க்காமல் 1905-ஐ மட்டும் பார்த்துவிட்டு அந்த நிமிடமே பணத்தை அனுப்பிவிட்டேன்.

வீட்டில் ஒரு கனமான கேமைப் போட்டதும் 1290 மெகாஹெர்ட்ஸுக்கு விழுந்தது, VRel இருந்த இடத்தில் மின்வரம்பைத் தொட்டுவிட்டதாகச் சொல்லும் Pwr. இந்த Pwr-ஐப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, 3070 கார்டு 215, 220 வாட்டில் ஓடும்போது Pwr வருவது இயல்பு. என்னுடையதோ 140 வாட்டிலேயே Pwr என்று கத்தியது. யாராவது வரம்பைக் குறைத்து வைத்திருப்பார்களோ என்று முதலில் இதைப் போட்டுப் பார்த்தேன்:

```
nvidia-smi -q -d POWER,PERFORMANCE
```

தற்போதைய வரம்பு, இயல்பு வரம்பு இரண்டுமே 220. ஆனால் SW Power Cap எதிரே Active. அதாவது வரம்பு சரியாக இருக்கிறது, கார்டுதான் அதைத் தொட்டுவிட்டதாக நினைக்கிறது.

விடை, சென்சார் அளவுகளையெல்லாம் காட்டும் HWiNFO மென்பொருளில் கிடைத்தது. அதில் Total GPU Power என்று இரண்டு வரிகள் இருக்கும், ஒன்றில் normalized என்று சேர்த்திருக்கும். முதலாவது மொத்த வாட்டைக் கார்டின் வரம்போடு ஒப்பிடுவது, என் கார்டில் 64%. normalized என்பது ஒவ்வொரு மின்பாதையையும் அதனதன் வரம்போடு ஒப்பிட்டு, எது உச்சத்தில் இருக்கிறதோ அதைக் காட்டுவது. அது 100-ஐத் தாண்டி நின்றது. ஏதோ ஒரு பாதை மட்டும் முட்டுகிறது. கீழே பார்த்தால் இரண்டு 8-பின் கேபிள்களிலும் 34, 33 வாட், மதர்போர்டு ஸ்லாட்டில் மட்டும் 73! ஸ்லாட்டுக்கு விதியே மொத்தம் 75 வாட்தான், அதிலும் 12 வோல்ட் பாதைக்கு 66தான், நல்ல கார்டு பெரும்பங்கைக் கேபிளில்தான் இழுக்கும்.

தெரிந்த ஒரு சர்வீஸ் அண்ணனிடம் கொண்டுபோனேன். ஒவ்வொரு பாதையிலும் மில்லிஓம் கணக்கில் ஒரு சின்ன மின்தடை இருக்கும், அதன் இரு முனைக்கு நடுவே விழும் வோல்டேஜை வைத்துத்தான் கார்டு வாட்டைக் கணக்குப் போடுகிறது. ஸ்லாட் பக்கத்து மின்தடையைச் சுற்றிப் பழைய ஃப்ளக்ஸ் கறை, யாரோ கழற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். பற்றவைப்பு மோசமானால் தடை கூடும், கார்டு இல்லாத மின்சாரத்தை இருப்பதாக எண்ணி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நிஜமாகவே 73 வாட் இழுக்கிறதா, தப்பாகப் படிக்கிறதா என்று மென்பொருளை வைத்து மட்டும் சொல்ல முடியாது. எதுவானாலும் டிரைவர் சிக்கல் இல்லை.

ஆனால் கடையில் முதலில் டிரைவரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். பிறகு "பவர் சப்ளை பத்தலண்ணே" என்றார்கள். பவர் சப்ளை போதாவிட்டால் கணினி அணைந்துபோகும், ஸ்லாட் பாதையில் மட்டும் எண் ஏறாது என்று படத்தோடு அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, "டெஸ்டிங் வாரண்டி மூணு நாள்தாண்ணே, முடிஞ்சுபோச்சு." 23,500 ரூபாய்க்கு மூன்று நாள்! அதில் இரண்டு நாளை இழுத்தடித்ததே அவர்கள்தான்.

விரிவாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. ரெண்டர் சோதனையை நம்பாதீர்கள், கனமான கேம் ஒன்றைப் பத்து நிமிடமாவது ஓட்டச் சொல்லுங்கள். Pwr வந்தால் எத்தனை வாட்டில் வருகிறது என்று பாருங்கள். HWiNFO-வில் அந்த இரண்டு சதவீதமும் வெகுவாக விலகியிருந்தால் ஸ்லாட், கேபிள் வரிகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் போனை வைத்துவிடுங்கள். பணம் அனுப்புவது அப்புறம்.