மாங்கூழ் ஆலை க்யூசி தம்பிக்கு மூன்று பரிந்துரைகள்: எது நிற்கும்?

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் சீசன் அடங்கியதும் ஆட்கள் இடம் மாறத் தொடங்குவார்கள். லேபில் இருக்கும் பிள்ளைகள் ஓசூர் பக்கம் பால், ஜூஸ், பிஸ்கட் கம்பெனிகளுக்கு மனுப் போடுவார்கள். கூடவே, "அண்ணா, லிங்க்ட்இன்ல எனக்கு ஒரு ரெக்கமண்டேஷன் போட்டுக் கொடுங்களேன்" என்று ஒரு வேண்டுகோளும் வரும்.

நான் புரொடக்‌ஷன் ஷிப்ட் பார்ப்பவன். கேட்டவர் அதே ஷிப்டில் க்யூசி கெமிஸ்ட், அதாவது லேபில் கூழின் தரத்தைச் சோதிப்பவர். அவருக்கு எழுத வழக்கத்தில் இருக்கும் இரண்டு விதங்களையும், நான் தேர்ந்தெடுத்த மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். லிங்க்ட்இன் பரிந்துரை அவருடைய பக்கத்தில் மட்டும் நிற்பதில்லை. நாம் கொடுத்தவை என்று நம் பக்கத்திலும் நிற்கும். அதனால் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்கிறேன்: இது அவருக்கு வேலை வாங்கித் தருமா? என் பேரைக் காப்பாற்றுமா?

முதல் விதம்: பாராட்டு மாலை

> "மிகுந்த அர்ப்பணிப்பும் நேர்மையும் கொண்டவர். எந்த வேலையைக் கொடுத்தாலும் சிறப்பாகச் செய்வார். குழுவோடு நன்றாக இணைந்து போவார். எந்த நிறுவனத்துக்கும் பெரும் சொத்தாக இருப்பார்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் தம்பியின் பேரை எடுத்துவிட்டு எங்கள் பாய்லர் ஆபரேட்டர் பேரைப் போட்டாலும் பொருந்தும், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி பேரைப் போட்டாலும் பொருந்தும். ஓசூரில் உட்கார்ந்து படிக்கும் எச்.ஆர். ஆள் இதைப் போல அன்றைக்கே பத்தைப் பார்த்திருப்பார். எழுதியவனைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் ஒரே தகவல், கேட்டவர்களுக்கெல்லாம் இவன் எழுதிக் கொடுப்பான் என்பதுதான். இதற்கு மேல் இதில் அலச ஒன்றுமில்லை.

இரண்டாம் விதம்: எண் கணக்கு

> "இவர் சேர்ந்த பிறகு எங்கள் ஆலையில் ரிஜெக்‌ஷன் பாதியாகக் குறைந்தது. ஏற்றுமதி வாடிக்கையாளர்களிடமிருந்து புகாரே வரவில்லை."

'குறிப்பாக எழுது, எண்ணைப் போடு' என்ற அறிவுரையைக் கேட்டு எழுதினால் இப்படித்தான் வரும். பார்க்கக் கனமாக இருக்கும். ஆனால் மாங்கூழ்த் தொழில் தெரிந்தவர் கையில் இது சிக்கினால் முதல் கேள்வி, "அந்த வருஷம் மழை எப்படி?" என்பதாக இருக்கும். பெங்களூரா மாம்பழத்தின் இனிப்பு வருஷத்துக்கு வருஷம் மாறும். அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் இனிப்பு இறங்கும், கூழ் நீர்த்துப் போகும், ரிஜெக்‌ஷன் ஏறும். நல்ல வெயில் அடித்த வருஷத்தில் யார் லேபில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கு அழகாகத்தான் இருக்கும். அது போக, பழம் தரம் பிரிப்பவர்கள், பழுக்க வைக்கும் அறையைப் பார்ப்பவர்கள், ஸ்டெரிலைசர் ஓட்டுபவர் என்று பலர் கை பட்ட எண்ணை ஒருவர் தலையில் வைக்கிறோம். நேர்முகத்தில் "அதில் நீங்கள் செய்தது என்ன?" என்று கேட்டால் மாட்டிக்கொள்வது தம்பிதான்.

என் பக்கமும் இதில் ஓட்டை உண்டு. ரிஜெக்‌ஷன் அளவும் வாடிக்கையாளர் புகாரும் கம்பெனியின் உள்விவகாரம். அதைப் பொதுவில் போடுபவனைப் பார்த்து, நாளைக்கு நம் கணக்கையும் இப்படித்தான் வெளியே சொல்வான் என்று அடுத்த முதலாளி நினைப்பார். நினைத்தால் தப்பில்லை.

எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஆளின் கையிலிருந்து நேராகப் பிறந்த எண்ணாக இருக்க வேண்டும். அது எப்படி இருக்கும் என்பதற்கு அடுத்ததைப் பாருங்கள்.

மூன்றாம் விதம்: கண்ணால் பார்த்த ஒரு ராத்திரி

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். கூழில் இனிப்பு எவ்வளவு என்பதை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்ப்போம். அந்த அளவுக்குப் பேர் பிரிக்ஸ். அந்த லாட்டில் பிரிக்ஸ் குறைந்தது 14 இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ராத்திரி ஷிப்டில் 14.2, 14.3 என்று வந்துகொண்டிருந்தது. பாஸ்தான். லாரி வாசலில் நின்றது, டிரம் ஏறத் தயார்.

தம்பிக்கு மட்டும் ஒரு உறுத்தல். ஒரே அறையில் பழுத்த, ஒரே தோட்டத்துப் பழம் சாயங்காலம் 13.7 காட்டியிருக்கிறது, நடுராத்திரியில் அதற்கு இனிப்பு ஏற எந்தக் காரணமும் இல்லை. கருவியின் கண்ணாடியைத் துடைத்து டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். தண்ணீருக்கு 0 காட்ட வேண்டும், 0.6 காட்டியது. அப்படியானால் 14.2 என்று வந்ததெல்லாம் உண்மையில் 13.6.

அதற்கு அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். எல்லா டிரம்மையும் நிறுத்திவிடவில்லை. பதிவேட்டைப் புரட்டி, கடைசியாக 0 சரியாக வந்த நேரத்தைப் பார்த்தார். அதற்கு முந்தையதில் கை வைக்கவில்லை. பிந்தையதில் 14.6-ம் அதற்கு மேலும் காட்டியவற்றை விட்டுவிட்டார்; 0.6 கழித்தாலும் அவை 14-க்குக் கீழே போகாது. மிச்சத்துக்கு மட்டும் ஹோல்ட் சீட்டு ஒட்டி, கருவியைச் சரிசெய்து, எடுத்து வைத்திருந்த சாம்பிள்களை மறுபடி பார்த்தார். மறுநாளிலிருந்து, சீசன் முடியும் வரை, ஒவ்வொரு பேட்சுக்கும் முன்னால் தண்ணீர் ரீடிங் எழுத ஒரு கட்டம் பதிவேட்டில் ஏறியது.

இதிலிருந்து நான் எழுதியது இது. போடும்போது ஆங்கிலத்தில் போட்டேன், சாரம் இதுதான்:

> "நான் புரொடக்‌ஷன், இவர் க்யூசி. ஒரே ஷிப்டில், வேறு வேறு டீமில் இரண்டு சீசன் வேலை பார்த்தோம். ஒரு ராத்திரி, லாரி காத்திருக்கும்போது என் டிரம்களை இவர் நிறுத்தினார். பிரிக்ஸ் பாஸ் காட்டியது. ஆனால் ஒரே லாட் பழத்தில் இவ்வளவு ஏற்றம் வராது என்று சந்தேகப்பட்டு, தண்ணீர் வைத்துக் கருவியைச் சோதித்தார். பூஜ்ஜியம் விலகியிருந்தது. எந்த நேரத்திலிருந்து எந்த டிரம் வரை பாதிப்பு என்று பதிவேட்டைக் கொண்டு பிரித்து, அவற்றை மட்டும் மறுசோதனை செய்தார். அதன் பிறகு ஒவ்வொரு பேட்சுக்கும் பூஜ்ஜியச் சோதனையைப் பதிவில் சேர்த்தார். லேபிலும் லைனிலும் இவர் வேலையை நேரில் பார்த்திருக்கிறேன். ஆடிட் ஆவண வேலையைப் பார்த்ததில்லை. சோதனை முடிவுக்காக லைனை நிறுத்தும் தைரியம் வேண்டிய இடத்துக்கு இவரைச் சொல்வேன்."

இதன் பலம் எங்கே இருக்கிறது? நாலாவது சொல்லிலேயே இருக்கிறது: "இவர் க்யூசி". ஆலையில் புரொடக்‌ஷனுக்கும் க்யூசிக்கும் நடுவே என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் நிறுத்தினால் அடி விழுவது என் ஷிப்ட் கணக்கில். அடி வாங்கியவனே வந்து 'அவர் செய்தது சரி' என்று சொன்னால், நண்பன் சொல்வதை விட, ஏன் அவருடைய மேலாளர் சொல்வதை விடவும், அதற்கு எடை அதிகம். பரிந்துரைக்குச் சம்பவம் தேடுகிறவர்கள் சக ஊழியர் தங்களுக்கு உதவியதையே தேடுகிறார்கள். அவர் நமக்குக் குறுக்கே நின்று, கடைசியில் அவர் பக்கமே சரியாகிப்போன நாளைத் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, இதில் என்னைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும் தொழில் தெரிந்தவர் படித்தால், எழுதியவனுக்கு பிரிக்ஸ் தெரியும், பூஜ்ஜியச் சோதனை தெரியும், மொத்தத்தையும் நிறுத்துவதற்கும் பிரித்து நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும் என்று பிடித்துக்கொள்வார். இதற்கு நேர்மாறாக, "என் வழிகாட்டுதலில் இவர் வளர்ந்தார்" என்று எழுதுபவர்கள் உண்டு. அது தம்பியைச் சின்னவராக்கும்; நம்மையும் பெரியவராக்காது. நாம் எங்கே நின்று பார்த்தோம் என்று ஒரே வரி சொன்னால் போதும்.

மூன்றாவது, "ஆடிட் ஆவண வேலையைப் பார்த்ததில்லை" என்ற வரி. தம்பி அதை எடுக்கச் சொன்னார்: "ஏண்ணா, அது மைனஸ் மாதிரி தெரியுதே." நான் எடுக்கவில்லை. அது அவருடைய குறை அல்ல, என் பார்வையின் எல்லை. இதுவரைதான் பார்த்தேன் என்று சொல்பவன், பார்த்ததாகச் சொல்லும் மற்றதை நம்ப ஒரு காரணம் தருகிறான். உண்மையிலேயே குறை இருந்தால் அது வேறு கதை. அதைப் பொதுப் பக்கத்தில் எழுதக் கூடாது. போனில் கேட்டால் நேராகச் சொல்லலாம். குறை பெரிதாக இருந்தால் எழுதிக் கொடுக்கவே ஒத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

மூன்றாவதுக்கும் செலவு உண்டு, மறைக்கவில்லை. முதலாவதை இரண்டு நிமிஷத்தில் எழுதிவிடலாம். இதற்கு ஒரு சாயங்காலம் போகும். நடந்ததில் எவ்வளவை வெளியே சொல்லலாம் என்று வடிகட்டவும் வேண்டும். மேலே இருப்பதைப் பாருங்கள்: வாங்குபவர் பேர் இல்லை, 14 என்ற ஒப்பந்த அளவு இல்லை, எத்தனை டிரம் என்பதும் இல்லை. சரக்கு வெளியே போகும் முன் சோதனை பிடித்தது என்ற அளவில் சம்பவம் ஆலைக்கும் கெட்ட பேர் தராது. தவறான சரக்கு போய்ச் சேர்ந்திருந்தால் இந்தச் சம்பவத்தையே தொட்டிருக்க மாட்டேன், வேறொன்றைத் தேடியிருப்பேன். போடும் முன் எங்கள் மேனேஜரிடமும் ஒரு வார்த்தை காட்டினேன்.

இப்படிப் பெரிய சம்பவம் எல்லோருக்கும் அமையாதே என்றால், மற்றவர்கள் தாண்டிப்போகும் ஒரு சின்ன வேலையை அவர் தினமும் செய்கிறாரா என்று பாருங்கள். ஷிப்ட் மாறும்போது பாதியில் நிற்கும் பேட்சை அடுத்தவரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போகாமல் எழுதி வைப்பவர் என்றால், அதுவே ஒரு பத்திக்குத் தாங்கும்.

போடும் இடத்தில் இன்னும் இரண்டு விஷயம். லிங்க்ட்இன் உறவைக் கேட்கும்போது மேலாளர் என்று போட்டால் கெத்தாக இருக்கும் என்று தோன்றும். நான் அவருக்கு மேலாளர் அல்ல. வேறு டீம் என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தப் பரிந்துரையின் உயிரே அதில் இருக்கிறது. அப்புறம், "நானும் உங்களுக்கு ஒண்ணு போட்டுடறேண்ணா" என்றார். வேண்டாம் என்றேன். பரிந்துரையோடு தேதியும் தெரியும். ஒரே வாரத்தில் நான் அவருக்கு, அவர் எனக்கு என்று இருந்தால் மொய் எழுதித் திருப்பிச் செய்தது போலத்தான் படும். அடுத்த சீசனுக்கு அப்புறமும் அவருக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் எழுதட்டும்.