சுருக்கம் சேர்த்துச் சொல்கிறதா: மூன்று சோதனைகளின் ஒப்பீடு

செய்திப் பத்தி ஒன்றை இரண்டு வரியில் சுருக்கும்போது, மூலத்தில் இல்லாத தகவல் உள்ளே நுழைந்துவிட்டதா என்று பார்க்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: சொற்களை ஒப்பிடுவது, கேள்வி கேட்டு விடைகளை ஒப்பிடுவது, ஒவ்வொரு கூற்றும் மூலத்திலிருந்து பெறப்படுமா என்று சோதிப்பது. மூன்றையும் ஒரே பத்தியில் வைத்துப் பார்க்கலாம்.

மூலம்: “சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் லேண்டர் 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை 6.04 மணிக்கு நிலவின் தென்துருவத்துக்கு அருகே தரையிறங்கியது. சில மணி நேரம் கழித்து அதிலிருந்து பிரக்யான் ரோவர் வெளியே வந்தது. அது சுமார் 14 நாள்கள் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது.”

சுருக்கம்: “சந்திரயான்-2 தோல்விக்குப் பிறகு, சந்திரயான்-3 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவத்தில் தரையிறங்கியது. பிரக்யான் ரோவர் 14 நாள்கள் இயங்கியது.”

இதில் மூன்று சேர்க்கைகள் உள்ளன. சந்திரயான்-2 பற்றி மூலம் பேசவே இல்லை. “அருகே” என்ற சொல் விடுபட்டதால் இடம் மாறிவிட்டது. விக்ரம் இறங்கிய இடம் சுமார் 69 பாகை தென் அட்சம், துருவமோ 90 பாகை. மூன்றாவதாக, “இயங்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது” என்பது “இயங்கியது” என்று நடந்து முடிந்த நிகழ்வாகிவிட்டது. உண்மையில் ரோவர் செப்டம்பர் 2 அன்றே உறக்க நிலைக்கு அனுப்பப்பட்டது.

சொல் ஒப்பீடு: கணினிச் சுருக்கங்களுக்கு மதிப்பெண் தர 2004-இல் வந்த ரூஜ் அளவையின் அடிப்படை இதுதான். மேலுள்ள சுருக்கத்தின் 15 சொற்களில் 10 மூலத்தில் அப்படியே இருக்கின்றன, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. “விக்ரம் நிலவை அடைந்தது, ரோவரும் வெளிவந்தது” என்ற பிழையற்ற சுருக்கத்திலோ ஐந்தில் ஒரு சொல்தான் பொருந்துகிறது. நிலவின், நிலவை என்று வேற்றுமை உருபு ஏறியதுமே தமிழ்ச் சொல் வேறு சொல்லாகிவிடுவதும் இதற்கு ஒரு காரணம். வேர்ச்சொல்லைப் பிரித்து ஒப்பிட்டால் எண்ணிக்கை கூடும். ஆனாலும் “இயங்கும்படி”யும் “இயங்கியது”ம் அப்போது ஒன்றாகிவிடும், பிழை இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். இந்த வேலைக்கு இந்த வழி உதவாது.

கேள்வி-விடை: சுருக்கத்திலிருந்து கேள்விகளை எடுத்து, மூலத்தை மட்டும் வைத்து விடை தேட வேண்டும். “எதன் தோல்விக்குப் பிறகு?” என்றால் மூலத்தில் விடை இல்லை, முதல் சேர்க்கை உடனே பிடிபடும். இதற்கு, விடை தேடுபவருக்கு “விடை இல்லை” என்று சொல்லும் வாய்ப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதையாவது பிடித்து விடையாக்கிவிடுவார்கள். பெயர், தேதி, இடம், தொகை ஆகியவற்றுக்கு இந்த வழி நன்றாக வேலை செய்யும். ஆனால் “எத்தனை நாள்?” என்று கேட்டால் இரு பக்கமும் 14 என்றே வரும். கேள்வி பெயர்ச்சொல்லைத் தேடுகிறது, பிழை வினைமுற்றில் இருக்கிறது. “கைதானதாகக் கூறப்படுகிறது” என்பது “கைதானார்” ஆவதும் இப்படித்தான் தப்பிவிடும். செய்தியில் ஆளைப் பாதிக்கும் பிழை பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

கூற்றுச் சோதனை: சுருக்கத்தை ஒரு கூற்றுக்கு ஒரு வினை என்ற அளவில் உடைக்க வேண்டும். நமது சுருக்கம் நான்காகும்: சந்திரயான்-2 தோற்றது, சந்திரயான்-3 ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கியது, இறங்கிய இடம் தென்துருவம், ரோவர் 14 நாள்கள் இயங்கியது. ஒவ்வொன்றுக்கும் மூன்று தீர்ப்புகளில் ஒன்று: மூலம் சொல்கிறது, மூலம் மறுக்கிறது, மூலம் பேசவில்லை. இரண்டாவது கூற்று மட்டுமே தேறுகிறது, மற்ற மூன்று கூற்றுகளுக்கும் “பேசவில்லை” என்றே தீர்ப்பு. பலர் தடுமாறுவது இங்கேதான். மறுக்கப்பட்டதை மட்டும் பிழையாக எண்ணி, “பேசவில்லை” என்பதை விட்டுவிடுகிறார்கள். சேர்க்கைகளில் பெரும்பங்கு அந்தப் பெட்டியில்தான் விழும். சந்திரயான்-2-இன் லேண்டர் 2019-இல் மோதியது உலகறிந்த உண்மை என்றாலும், இந்தப் பத்தியின் சுருக்கத்தில் அது சேர்க்கைதான்.

இந்த வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு. கணினி மாதிரியைக் கொண்டு செய்பவர்கள் கூற்றை மூலத்தின் ஒவ்வொரு வாக்கியத்தோடும் தனித்தனியே பொருத்தி, மிக உயர்ந்த மதிப்பெண்ணை எடுப்பதுண்டு. அப்போது “பிரக்யான் சுமார் 14 நாள்களுக்கு வடிவமைக்கப்பட்டது” என்ற சரியான கூற்றும் தோற்கலாம், ஏனெனில் மூன்றாம் வாக்கியத்தில் “அது” மட்டுமே இருக்கிறது. “அது”வின் இடத்தில் பெயரை வைத்துவிட்டோ, முந்தைய வாக்கியத்தையும் சேர்த்தோ பொருத்தினால் இந்தப் பொய் எச்சரிக்கை குறையும்.

நாளுக்கு நூறு சுருக்கங்களைப் பார்க்க வேண்டிய செய்தி மேசையில் கேள்வி-விடையை முதல் சல்லடையாக வைக்கலாம். பெயரும் எண்ணும் அதில் சுத்தமாகிவிடும். குற்றச்சாட்டு, வழக்கு, உயிரிழப்பு, மருத்துவம் பற்றியவை மட்டும் கையால் கூற்றுச் சோதனைக்குப் போகட்டும். அங்கே வினைமுற்றுகளையும், “அருகே”, “சுமார்”, “மட்டும்”, “-ஆல்”, “-ஆம்” போன்றவற்றையும் முதலில் அடிக்கோடிட்டுக்கொண்டு தொடங்குங்கள்.