எல்லாச் சாமானுக்கும் ஒரே எண்ணா, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கா?

களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் எங்கள் கடைக்கு ஸ்பிரெட்ஷீட்டில் இருப்புத் தாள் போட்டபோது, எப்போது ஓடர் கொடுப்பது என்பதற்கு இரண்டு வழிகள் முன்னால் இருந்தன. ஒன்று, எல்லாச் சாமானுக்கும் ஒரே எண்: 20க்குக் கீழே போனால் ஓடர். மற்றது, சாமானுக்குச் சாமான் ஓடர் அளவை, அதாவது இருப்பு எவ்வளவுக்கு இறங்கினால் ஓடர் கொடுப்பது என்பதை, கணக்குப் போட்டு எழுதுவது. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். என் சாய்வும் அதன் பக்கம்தான்.

ஒரே எண்ணில் வேலை குறைவு. யார் கடையில் நின்றாலும் புரியும். அதில் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, ஏனென்றால் லொறி எப்போது வரும் என்பதை அந்த எண் பார்ப்பதே இல்லை. என் முடிவைத் தீர்மானித்தது அந்த ஒரு விஷயம்தான்.

400 கிராம் பால்மா பக்கெட்டை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 4 போகிறது. ஏஜென்டின் ரெப் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் ஓடர் எடுக்க வருவார், சாமான் வியாழன் மாலை இறங்கும். செவ்வாய் மாலை கடையில் 22 பக்கெட் இருக்கிறது என்றால், 20 என்ற எண்ணின்படி ஓடர் வேண்டாம். ஆனால் ஞாயிறு இரவு 2தான் மிஞ்சும். திங்கள் காலையிலேயே அதுவும் தீரும். அடுத்த செவ்வாய் ஓடர் கொடுத்தாலும் வியாழன் வரை தட்டு வெறுமை. பால்மா இல்லை என்றால் வாங்க வந்தவர் பாணையும் சீனியையும் சேர்த்தே அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார்.

பலர் தனிக் கணக்குப் போட்டும் இதே இடத்தில் தவறுகிறார்கள். சாமான் வர 2 நாள், ஆகவே 4×2 என்று 8 எழுதிவிடுவார்கள். செவ்வாய் ஓடர் கொடுக்காமல் விட்டால் அடுத்த வாய்ப்பு 7 நாள் கழித்துத்தான். அப்புறம் சாமான் வர 2 நாள். ஆக, கையில் உள்ளது 9 நாள் தாங்க வேண்டும்: 4×9 = 36. லொறி ஒரு நாள், இரண்டு நாள் பிந்தினால் சமாளிக்க 8 சேர்த்தால் 44. அந்த 8தான் குறைந்த இருப்பு. செவ்வாய் அன்று 45 இருந்து ஓடரை விட்டாலும், அடுத்த செவ்வாய் 17 இருக்கும். வியாழன் லொறி வரும்போது 9 மிஞ்சும்.

சீனியை மொத்தக் கடையில் எந்த நாளும் சொல்லலாம், மறுநாள் வந்துவிடும். நாளுக்கு 8 கிலோ போனால் 8×2, அதோடு ஒரு நாளுக்கு 8 என்று 24 கிலோ போதும். பால்மாவைவிட இரு மடங்கு வேகமாகப் போகிற சாமானுக்கு ஓடர் அளவு பாதியளவுதான். ஒரே எண் இதைக் காட்டாது.

தாளில் C இருப்பு (ஓடர் கொடுத்து இன்னும் வராததையும் இதில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் இரட்டை ஓடர் விழும்), D ஒரு நாள் விற்பனை, E ஓடர் எடுக்கும் இடைவெளி, F சாமான் வரும் நாள், G குறைந்த இருப்பு, H ஓடர் அளவு. H2இல் முதல் வரி, I2இல் இரண்டாவது:

```
=D2*(E2+F2)+G2
=IF(C2<=H2,"ஓடர்","")
```

பராமரிப்பு என்று பார்த்தால் D மட்டும்தான் மாதத்துக்கு ஒரு தடவை திருத்த வேண்டியது. மாத ஆரம்ப இருப்போடு வந்த சாமானைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்து, நாட்களால் வகுத்தால் கிடைக்கும். வகுக்கும்போது சாமான் இல்லாதிருந்த நாட்களை எண்ணக்கூடாது. 30 நாளில் 6 நாள் தட்டு வெறுமையாக இருந்து 96 போயிருந்தால், 24ஆல் வகுத்து 4 என்று எடுங்கள். 30ஆல் வகுத்தால் 3.2 வரும், ஓடர் அளவும் இறங்கும், அடுத்த மாதம் இன்னும் அதிக நாள் சாமான் இருக்காது.

எண் சரியா என்பதைக் குறைந்த இருப்பே சொல்லும். லொறி வரும்போது அடிக்கடி அதற்குக் கீழே இருந்தால் D குறைவு, அல்லது லொறி சொன்ன நாளில் வருவதில்லை. எப்போதும் அதைவிட மிக அதிகமாக மிஞ்சினால் காசு தட்டில் முடங்கிக் கிடக்கிறது.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழையில் வீதி மறிபடலாம் என்று பால்மா, மா, பருப்புக்கு மட்டும் G-ஐ இரட்டிப்பாக்குகிறேன். இரட்டிப்பு என்பது என் கை மதிப்புதான், இவ்வளவுதான் வேண்டும் என்று கணக்கால் காட்ட முடியாது. பாண், தயிர் போன்ற ஓரிரு நாள் சாமானுக்கு இந்தத் தாளை நான் பயன்படுத்துவதில்லை. ஷூ பொலிஷ், ஊசி நூல் மாதிரி மாதத்துக்கு ஒன்றிரண்டு போகிறவற்றுக்கு ஒரே எண்ணே சரி: இரண்டுக்கு வந்தால் ஓடர்.